ஸ்டிக்கரில் பளிச், பேனரில் மங்கல்: லோகோ பற்றி டிசைனர் தங்கை அனுப்பிய பதில்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னைக்குச் சேமிப்பு பற்றியோ கடன் தவணை பற்றியோ நான் பேச வரவில்லை. நம்ம கூட்டமைப்பில் இருக்கிற மசாலாப்பொடி குழுவுக்கு நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லப் போறேன். அந்தக் குழுவின் அனுமதியோடுதான் சொல்றேன். அவங்க இங்கேதான் உட்கார்ந்திருக்காங்க. நான் தப்பாச் சொன்னா எழுந்து திருத்தலாம்.

அந்தக் குழுவின் லோகோவை நீங்க எல்லாரும் பார்த்திருப்பீங்க. நடுவில் ஒரு உரல், உலக்கை. இரண்டு பக்கமும் வளைந்த மிளகாய். கீழே அரைவட்டமா குழுவின் பெயர். நாலு வருஷத்துக்கு முன்னாடி டவுனில் ஒரு டி.டி.பி. சென்டரில் 500 ரூபாய் கொடுத்துப் போட்டது. கடைக்காரர் அதை வாட்ஸ்அப்பில் ஒரு படமா அனுப்பினார். இவங்களும் சந்தோஷமா வாங்கிக்கிட்டாங்க. பாக்கெட்டில் ஒட்டுகிற இரண்டு அங்குல ஸ்டிக்கருக்கு அந்தப் படத்தையே கொடுத்தாங்க. ஸ்டிக்கர் நல்லா பளிச்சென்று வந்தது. அதனால் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை.

போன வருஷம் கண்காட்சியில் கடை போட இடம் கிடைத்தது. எட்டடிக்கு நாலடி ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கக் கொடுத்தாங்க. அதே படத்தைத்தான் கொடுத்தாங்க. பேனர் வந்து கட்டிப் பார்த்தால், மிளகாய் எது, உலக்கை எது என்று தெரியவில்லை. பெயர் எழுத்தெல்லாம் பஞ்சு பிரிந்த மாதிரி இருந்தது. மழையில் நனைந்த கண்ணாடி வழியாப் பார்க்கிற மாதிரி இருக்குன்னு நம்ம பிரதிநிதி அக்கா சொன்னாங்க. பொடி வாங்க வந்த ஒரு அம்மா, “உங்க பொடி நல்லாருக்கு, ஆனா பேரு என்னன்னே படிக்க முடியலையே” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இவங்க ஃபிளெக்ஸ் கடைக்காரர் மேல்தான் கோபப்பட்டாங்க. மெஷின் சரியில்லை என்று நினைச்சாங்க.

உண்மையான பிரச்சினை இந்த வருஷம் வந்தது. ஸ்டிக்கர் ஒட்டுவதை விட்டுவிட்டு, அச்சடித்த பவுச்சுக்கே மாறலாம் என்று குழு முடிவு செய்தது. அந்த மாதிரி பவுச்சை அச்சடிக்க, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு உலோக சிலிண்டர் செதுக்க வேண்டும். இவங்க டிசைனுக்கு ஐந்து நிறம், அதனால் ஐந்து சிலிண்டர். அதற்கு மட்டும் 20,000 ரூபாய். பவுச்சுக்கு 28,000. ஆக மொத்தம் 48,000 ரூபாய், தொழில் கடனிலிருந்து எடுக்கிற பணம். சிலிண்டரில் ஒரு தடவை செதுக்கிவிட்டால் அழித்து எழுத முடியாது. தப்பு இருந்தால் அந்தத் தப்போடுதான் ஆயிரக்கணக்கான பவுச்சும் வரும்.

பவுச் டிசைன் செய்ய, வீட்டிலிருந்தே சொந்தமா வேலை பார்க்கிற ஒரு டிசைனர் பெண்ணைப் பிடித்தோம். அந்தத் தங்கை முதல் நாளே கேட்டது, “அக்கா, லோகோவோட ஒரிஜினல் ஃபைல் அனுப்புங்க” என்றுதான். இவங்க போனில் இருந்த படத்தை அனுப்பினாங்க. “இது இல்லக்கா, வெக்டர் ஃபைல் வேணும்” என்றாள். அதையே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினாங்க. அதுவும் இல்லை என்றாள். ஊக்குநர் அக்காவின் மகன் காலேஜில் படிக்கிறான். அவன் அந்தப் படத்தை போனிலேயே பி.டி.எஃப். ஆக மாற்றி அனுப்பினான். அதுவும் ஆகாது, லோகோவைப் புதுசா வரையணும், அதற்குத் தனியா 2,500 ரூபாய் ஆகும் என்றாள்.

குழுக் கூட்டத்தில் ஒரே சத்தம். “ஸ்டிக்கர்ல நல்லாத்தானே இருக்கு? இருக்கிற லோகோவுக்கு எதுக்கு மறுபடியும் காசு? படிக்காத பொம்பளைங்கன்னு ஏமாத்தப் பாக்குறா” என்று சிலர் சொன்னாங்க. ஊக்குநர் அக்கா அந்த வருத்தத்தை மறைக்காமல் டிசைனருக்கே எழுதிட்டாங்க. அன்று இரவு அந்தத் தங்கை அனுப்பிய பதிலைத்தான் இப்போது வாசிக்கப் போகிறேன். கோபப்படாமல், நமக்குப் புரிகிற மாதிரி எழுதியிருந்தாள்.

“அக்கா, வணக்கம். நீங்க கேட்டது நியாயமான கேள்வி. காசு வாங்குறவ காரணத்தையும் சொல்லணும். சொல்றேன், பொறுமையாப் படிங்க.

உங்ககிட்ட இருக்கிற லோகோ ஒரு படம். போனில் இருக்கிற எந்தப் படமா இருந்தாலும் அது சின்னச் சின்னக் கட்டங்களால் ஆனது. கட்டத் துணியில் எம்பிராய்டரி போடுவோமே, அது மாதிரி. ஒரு கட்டத்துக்கு ஒரே ஒரு நிறம்தான். அந்தக் கட்டத்துக்குப் பேர் பிக்சல். உங்க லோகோவை நான் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். அகலத்தில் 640 கட்டம், உயரத்தில் 640 கட்டம். அவ்வளவுதான் அதில் சரக்கு.

இப்போ கணக்குப் போடுவோம். ஸ்டிக்கரில் லோகோ இரண்டு அங்குலம். 640 கட்டமும் இரண்டு அங்குலத்துக்குள் நெருக்கமா உட்காருது. அதாவது ஒரு அங்குலத்துக்கு 320 கட்டம். கையில் வைத்துப் பார்க்கிற அச்சுக்கு அங்குலத்துக்கு 300 இருந்தால் கண்ணுக்குக் கட்டம் தெரியாது. அதனால்தான் ஸ்டிக்கர் பளிச்சென்று வந்தது. அங்கே அதிர்ஷ்டவசமா அளவு பொருந்திடுச்சு.

பேனரில் லோகோவை மூன்றடிக்குப் போட்டிருக்காங்க. மூன்றடின்னா 36 அங்குலம். அதே 640 கட்டத்தை 36 அங்குலத்துக்குப் பிரித்துக் கொடுத்தால், ஒரு அங்குலத்துக்கு 18 கட்டம்கூட வரலை. ஒவ்வொரு கட்டமும் கிட்டத்தட்ட ஒன்றரை மில்லிமீட்டர் அகலம் ஆயிடுது. பேனரை தூரத்தில் இருந்து பார்க்கிறதால் அதுக்கு 300 தேவையில்லை, 70 அல்லது 75 இருந்தால் போதும். ஆனா 18 எதுக்கும் பத்தாது. ஃபிளெக்ஸ் கடைக்காரர் மேல தப்பே இல்லை.

கட்டம் பத்தலைன்னா கம்ப்யூட்டர் என்ன செய்யும் தெரியுமா? இருக்கிற இரண்டு கட்டத்துக்கு நடுவில் புதுக் கட்டங்களைத் தானாவே போட்டு நிரப்பும். பக்கத்தில் சிவப்பும் வெள்ளையும் இருந்தால், நடுவில் வெளிறிய சிவப்பைப் போடும். பத்துப் பேருக்கு வைத்த சாம்பாரில் தண்ணி ஊற்றி நூறு பேருக்குப் பரிமாறுற மாதிரி. அளவு கூடும், சரக்கு கூடாது. அந்த வெளிறிய ஓரத்தைத்தான் நாம மங்கல்னு சொல்றோம்.

இதோட இன்னொன்று. வாட்ஸ்அப்பில் போட்டோவா அனுப்பும்போது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். அதைத் திரும்ப ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் மறுபடியும் சுருங்கும். சுருங்கச் சுருங்க எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்க்கிற மாதிரி சாம்பல் புள்ளிகள் வரும். நீங்க இரண்டாவது அனுப்பின படம் முதல் படத்தைவிட மோசமா இருந்ததுக்கு அதுதான் காரணம்.

சரி, வெக்டர்னா என்ன? அக்கா, நீங்க தினமும் வாசலில் செய்றதுதான். உங்க வாசல் கோலத்தை ஒருத்தர் போட்டோ எடுத்து, அந்தப் போட்டோவைக் கோயில் வாசல் அளவுக்குப் பெரிசாக்கினால் மங்கலாத்தான் இருக்கும். ஆனா ‘ஏழு புள்ளி ஏழு வரிசை, முதல் புள்ளியைச் சுற்றி இப்படி வளைச்சு அடுத்த புள்ளியில் சேர்’ என்று கோலத்தின் கணக்கைச் சொல்லிக் கொடுத்தால், அவங்க அதை நோட்டுப் புத்தகத்திலும் போடலாம், கோயில் வாசல் முழுக்கவும் போடலாம். புள்ளிக்குப் புள்ளி இடைவெளியை மட்டும் மாற்றினால் போதும். கோடு எங்கேயும் மங்காது.

வெக்டர் ஃபைலில் படம் இருக்காது, அந்தக் கணக்கு மட்டும் இருக்கும். இந்தப் புள்ளியில் ஆரம்பி, இவ்வளவு வளை, அந்தப் புள்ளியில் முடி, உள்ளே சிவப்பு நிரப்பு. கேட்கிற அளவுக்குக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவையும் புதுசாப் போடும். ரப்பர் ஸ்டாம்ப் அளவுக்கும் அதே கூர்மை, லாரி அளவுக்கும் அதே கூர்மை.

உங்க மகன் தம்பி பி.டி.எஃப். ஆக மாற்றி அனுப்பினான், பாவம், உதவி பண்ணத்தான் நினைச்சான். ஆனா அவன் செய்தது அதே படத்தை வேறு உறையில் போட்டது. மோரை வெள்ளித் தூக்கில் ஊற்றினாலும் மோர்தான், பால் ஆகாது. ஃபைல் பெயர் logo.pdf என்று இருக்கலாம், logo.cdr என்றுகூட இருக்கலாம். உள்ளே கட்டமா, கோடா என்பதுதான் முக்கியம். அதே மாதிரி, ஃபைலில் ‘72’ என்று இருப்பதை ‘300’ என்று மாற்றி எழுதினாலும் புதுச் சரக்கு ஒன்றும் வந்துவிடாது.

இப்போ பவுச்சுக்கு வர்றேன். பவுச்சில் லோகோ நாலு அங்குலம். 640-ஐ நாலால் வகுத்தால் 160. தேவையில் பாதிதான். ஓரளவு பார்க்கலாம், ஆனா அரைவட்டத்தில் இருக்கிற சின்ன எழுத்தெல்லாம் முள்ளு முள்ளா வரும். சிலிண்டரில் அது அப்படியே செதுக்கப்படும். நீங்க 48,000 ரூபாய் போடுற வேலை. மங்கின படத்தை வைத்து அதைச் செய்ய எனக்கு மனசு வரலை.

அந்தப் பழைய டி.டி.பி. கடையில் ஒரிஜினல் ஃபைல் இருக்கான்னு முதலில் கேட்டுப் பாருங்க. .cdr அல்லது .ai என்று முடியும் ஃபைல். கிடைச்சா எனக்கு 2,500 ரூபாய் கொடுக்க வேண்டாம். கிடைக்கலைன்னா வரைஞ்சுதான் ஆகணும். வேற வழி இல்லைக்கா.”

இதுதான் அந்தத் தங்கை எழுதினது.

இதை நான் குழுக் கூட்டத்தில் வாசித்ததும், கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம், ஏமாத்துறான்னு சொன்ன அந்த அக்காவே, “காசு வேண்டாம், பழைய கடையில் போய்க் கேளுன்னு சொல்றாளே, அப்போ ஏமாத்துறவ இல்லையே” என்று சொன்னாங்க. கோலக் கணக்கு அவங்களுக்கு நல்லாப் பிடித்துவிட்டது.

மறுநாள் நானும் ஊக்குநர் அக்காவும் அந்த டி.டி.பி. கடைக்குப் போனோம். கடைக்காரர் தேடிப் பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னாடி கம்ப்யூட்டர் பழுதாகி எல்லாம் அழிந்துவிட்டது என்றார். நாம் அன்றைக்கே கேட்டு வாங்கியிருந்தால் ஒரு காசு செலவில்லாமல் கிடைத்திருக்கும். கேட்க வேண்டும் என்று நமக்கும் தெரியவில்லை, கொடுக்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை.

திரும்பி வந்து தீர்மானம் போட்டு 2,500 ரூபாய்க்குச் சம்மதித்தோம். வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க நான் ஒரு நாள் அந்தத் தங்கையின் வீட்டுக்கே போனேன். பார்த்ததைச் சொல்றேன்.

கம்ப்யூட்டரே தானா படத்தைப் பார்த்து வரைகிற வசதியும் இருக்கிறது. அதை முதலில் போட்டுக் காட்டினாள். ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. ஆனால் பக்கத்தில் போய்ப் பார்த்தால், உரலின் ஓரம் உருளைக்கிழங்கு மாதிரி மேடு பள்ளமா இருந்தது. எழுத்துகளில் சுழி அடைத்துக்கொண்டு, எந்த எழுத்து என்றே தெரியவில்லை. “மங்கின படத்தைக் கொடுத்தா அந்த மங்கலையும் சேர்த்துத்தான்கா அது வரையும்” என்றாள். அதனால் படத்தை அடியில் வைத்து, மேலே ஒவ்வொரு கோடா கையாலேயே போட்டாள். பழைய ஸ்டிக்கர் ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டாள், மிளகாய்க் காம்பின் வளைவு அதில்தான் தெளிவாகத் தெரிந்தது. ஐந்து மணி நேர வேலை. 2,500 ரூபாய் அதற்குத்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வரையும்போது ஒரு விஷயம் கண்டுபிடித்தாள். மிளகாயில் நரம்பு மாதிரி மெல்லிய கோடு இருந்தது. லோகோவை ரொம்பச் சின்னதாகப் போட்டால் அந்தக் கோடு அச்சில் விழவே விழாது. வெக்டராக இருந்தாலும் அந்தக் குறை குறைதான், ஏனென்றால் மை ஒரு அளவுக்குக் கீழே கோடாக நிற்காது. அதைக் கொஞ்சம் தடிமனாக்கினாள். குழுவிடம் கேட்டுத்தான் மாற்றினாள்.

இன்னொரு முக்கியமான இடம் தமிழ் எழுத்து. இதைக் கவனமாகக் கேளுங்க. நம்ம ஊர் டி.டி.பி. கடைகளில் பழைய தமிழ் எழுத்துருக்கள் நிறைய இருக்கிறது. டிசைனர் கம்ப்யூட்டரில் இருக்கிற எழுத்துரு அச்சகத்துக் கம்ப்யூட்டரில் இல்லையென்றால், தமிழ் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் குறிகளும் கன்னாபின்னா என்று வரும். அச்சகத்தில் அதைக் கவனிக்காமல் அடித்துவிட்டால் பெயரே போச்சு. அதைத் தடுக்க, எழுத்தையும் கோடாக மாற்றிவிட வேண்டும். நம்ம பக்கத்து அச்சகங்களில் அதிகம் பயன்படுத்துகிற கோரல்டிரா மென்பொருளில் அதற்கு Convert to Curves என்று பெயர். அப்படி மாற்றிவிட்டால் அது எழுத்து இல்லை, எழுத்து வடிவத்தில் இருக்கிற கோலம். எந்தக் கம்ப்யூட்டரிலும் அப்படியே இருக்கும். ஆனால் பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது. அதனால் மாற்றுவதற்கு முன் ஒன்று, மாற்றிய பின் ஒன்று என்று இரண்டையும் தனித்தனியாகச் சேமித்தாள். மாற்றுவதற்கு முன்னால் குழுவின் பெயரை ஒவ்வொரு எழுத்தாக நம்மைப் படித்துப் பார்க்கச் சொன்னாள். நல்ல வேளை, ஒரு இடத்தில் ஒற்று விட்டுப் போயிருந்தது. நாலு வருஷமாக ஸ்டிக்கரில் அந்தப் பிழையோடுதான் விற்றிருக்கிறோம், யாருமே கவனிக்கவில்லை!

வேலை முடிந்ததும் ஊக்குநர் அக்கா விடவில்லை. “இது கோடுதான், கட்டம் இல்லைன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டாங்க. நல்ல கேள்வி. அதற்கு அந்தத் தங்கை சொல்லிக் கொடுத்த சோதனையை நீங்களும் செய்யலாம். ஃபைலைக் கம்ப்யூட்டரில் திறந்து, பெரிதாக்கிக்கொண்டே போகணும். 100, 400, 800 சதவீதம் என்று. ஒரு எழுத்தின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருங்க. ஓரம் படிக்கட்டு மாதிரி ஆனாலோ, புகை மாதிரி கலைந்தாலோ அது படம். எவ்வளவு பெரிதாக்கினாலும் கத்தியால் வெட்டின மாதிரி இருந்தால் அது வெக்டர். பழைய படத்தையும் புது ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பழையது 400-லேயே கரைந்தது. புதியது 800-லும் அப்படியே நின்றது. கம்ப்யூட்டர் இல்லாவிட்டால் போனில் பி.டி.எஃப்.-ஐத் திறந்து இரண்டு விரலால் விரித்துப் பாருங்க. அந்த அளவிலேயே வித்தியாசம் தெரியும்.

ஒன்றை மட்டும் தப்பாக எடுத்துக்கொள்ளாதீங்க. எல்லாவற்றையும் வெக்டராக மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். பவுச்சின் பின்பக்கம் மல்லியும் மிளகாயும் கொட்டிக் கிடக்கிற போட்டோ ஒன்று போட்டோம். அது போட்டோவாகத்தான் இருக்க முடியும். ஒவ்வொரு விதையிலும் நூறு நிறம் இருக்கிறது, அதற்குக் கோலக் கணக்கு எழுதி முடியாது. போட்டோவுக்கு வேண்டியது போதுமான கட்டம். அதை நல்ல கேமராவில் எடுத்து, வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் ‘டாக்குமெண்ட்’ என்ற வழியில் அனுப்பச் சொன்னாள். அந்த வழியில் அனுப்பினால் படம் சுருங்காமல் முழுசாகப் போய்ச் சேரும். லோகோ, பெயர், கோடு, கட்டம் இவைதான் வெக்டராக வேண்டும்.

கடைசியாக அந்தத் தங்கை நம்மிடம் ஒப்படைத்தது நாலு ஃபைல். முதலாவது, பின்னால் திருத்தக்கூடிய மூல ஃபைல், .cdr என்று முடியும். இரண்டாவது, எழுத்தைக் கோடாக மாற்றிய .pdf ஃபைல். அச்சகத்துக்கு எப்போதும் இதைத்தான் கொடுக்கணும். அச்சகத்தில் கோரல்டிரா பழைய பதிப்பாக இருந்தால் புதுப் பதிப்பின் .cdr திறக்காது, அப்போதும் இந்தப் பி.டி.எஃப். கைகொடுக்கும். மூன்றாவது, கறுப்பு ஒரே நிறத்தில் போட்ட லோகோ. ரப்பர் ஸ்டாம்ப், ரசீது புத்தகம், துணிப்பை இதற்கெல்லாம் அது வேண்டும். நாலாவது, போனில் அனுப்ப .png படம். பின்னணி இல்லாத படம் என்பதால், கலர் தாளில் வைத்தாலும் லோகோவைச் சுற்றி வெள்ளைப் பெட்டி வராது. ஆனால் இந்த நாலாவதை மட்டும் யாரும் அச்சகத்துக்குக் கொடுக்கக் கூடாது. பழைய கதை திரும்பிவிடும்.

இந்த நாலையும் ஒரு பென்டிரைவில் போட்டு, பாஸ்புக் வைக்கிற பெட்டியிலேயே வைத்தோம். குழுவின் மின்னஞ்சலுக்கும் ஒரு பிரதி அனுப்பினோம். கூட்டமைப்பு அலுவலகக் கம்ப்யூட்டரிலும் ஒன்று இருக்கிறது. தீர்மானப் புத்தகத்தில் எந்தத் தேதியில், யாரிடமிருந்து, என்னென்ன ஃபைல் வாங்கினோம் என்று எழுதி, லோகோ குழுவுக்கே சொந்தம் என்று டிசைனரிடமும் ஒரு கையெழுத்து வாங்கினோம். ஊக்குநர் மாறினாலும், போன் தொலைந்தாலும், கடை மூடினாலும் இனிமேல் கவலை இல்லை.

பவுச் வேலைக்கு முன்னால் அச்சகத்திலிருந்து புரூஃப் வந்தது. எல்லாரும் கையில் வாங்கிப் பார்த்தாங்க. நம்ம குழுவில் கண் பார்வை கொஞ்சம் குறைந்த ஒரு பெரியம்மா இருக்காங்க. அவங்க கண்ணாடி போட்டுக்கொண்டு அரைவட்டத்தில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்து முடித்தாங்க. அதற்கப்புறம்தான் சிலிண்டர் செதுக்கச் சம்மதம் சொன்னோம். பவுச் வந்துவிட்டது. வெளியே மேசையில் வைத்திருக்கிறோம், போகும்போது எடுத்துப் பாருங்க. பக்கத்திலேயே பழைய பேனரையும் விரித்து வைத்திருக்கிறோம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நான் இவ்வளவு நேரம் பேசினது ஒரு நிமிஷத்தில் புரியும்.

இன்னும் லோகோ போடாத குழுக்கள் இங்கே இருக்கீங்க. முன்பணம் கொடுக்கிற அன்றைக்கே, “திருத்தக்கூடிய மூல ஃபைல், எழுத்தைக் கோடாக மாற்றிய பி.டி.எஃப்., கறுப்பு லோகோ, போனுக்கு ஒரு படம், நாலும் தரணும்” என்று சொல்லி, ஒரு தாளில் எழுதி வாங்கிவிடுங்க. பாக்கிப் பணத்தை, பெரிதாக்கிப் பார்த்துச் சோதித்த பிறகு கொடுங்க. ஏற்கெனவே லோகோ வைத்திருக்கிற குழுக்கள், அதைப் போட்டுக் கொடுத்தவரிடம் இந்த வாரமே போய் மூல ஃபைல் இருக்கிறதா என்று கேளுங்க. அவருடைய கம்ப்யூட்டர் இன்னும் நல்லா இருக்கும்போதே கேட்டுவிடுங்க.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது உங்க லோகோ ஃபைலைப் பென்டிரைவில் கொண்டு வாங்க. கூட்டமைப்புக் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் திறந்து பெரிதாக்கிப் பார்ப்போம். எது கோலம், எது கோலத்தின் போட்டோ என்று நீங்களே சொல்லிவிடுவீங்க.